ஓஏஇ பாஸ், பெரா ஃபெயில்: குழந்தையின் எந்த ரிப்போர்ட்டை நம்புவது?

கொளத்தூர்_தாய்மாமன்

அக்கா மகனுக்கு ஒன்றேகால் வயது. 31 வாரத்திலேயே பிறந்துவிட்டான். என்.ஐ.சி.யூ.வில் இருந்தபோது மஞ்சள் காமாலை ஏறிப்போய் ரத்தம் மாற்ற வேண்டியதாயிற்று. டிஸ்சார்ஜ் ஆகும்போது காதில் சின்ன முனையைச் செருகி ஒரு டெஸ்ட் எடுத்தார்கள். இரண்டு காதும் பாஸ் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதோடு காதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

இப்போது பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. குக்கர் விசிலுக்கு ஒரு நாள் திரும்புகிறான், மறுநாள் அப்படியே உட்கார்ந்திருக்கிறான். பேச்சு என்று எதுவும் வரவில்லை. ஒரு இடத்தில் தூங்க வைத்து, தலையில் வயர் ஒட்டி பெரா என்று ஒரு டெஸ்ட் எடுத்தார்கள். 90 டெசிபெல் வரை அலையே இல்லையாம். "கேள்வி சுத்தமாக இல்லை, ரெண்டு காதுக்கும் பவர்ஃபுல் மிஷின் போடுங்கள்" என்று விலைப்பட்டியலையும் நீட்டினார்கள். மனசு கேட்காமல் வேறொரு இடத்துக்குப் போய், பிறந்தபோது எடுத்த அந்த ஓஏஇ டெஸ்டைத் திரும்ப எடுத்தோம். இப்போதும் பாஸ்!

ஒருத்தர் கேட்கவே இல்லை என்கிறார், இன்னொருத்தர் காது நன்றாக இருக்கிறது என்கிறார். எந்த மிஷின் தப்பு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அக்கா அழுதுகொண்டே இருக்கிறாள்.

மூணாம்_வருஷம்_எம்பிபிஎஸ்

அண்ணா, ஓஏஇ வருகிறது என்றால் உள்காதில் இருக்கும் காக்ளியா வேலை செய்கிறது. அதாவது காது ஓகே. அப்படியானால் கோளாறு மூளையில்தான் இருக்க வேண்டும். குறைமாதக் குழந்தை வேறு. மூளைப் புறணியில் கேட்கும் பகுதி அடிபட்டிருக்கலாம். காது டாக்டரை விட்டுவிட்டு நியூராலஜி பாருங்கள்.

பெரம்பூர்_தாத்தா

எனக்கும் இதே கதைதான் தம்பி. பட்டறையில் ரிவெட் சத்தத்திலேயே காலம் போச்சு. டெஸ்டில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளமாக விழுந்திருக்கிறது என்றார்கள். பேசுவது காதில் விழும், என்ன வார்த்தை என்றுதான் பிடிபடாது. காது மிஷின் வாங்கிப் போட்டேன், இரைச்சல்தான் பெரிசாச்சு. அலமாரியில் கிடக்கிறது. குழந்தைக்கு அவசரப்பட்டு மிஷின் வாங்காதீர்கள்.

ஒலிக்கூடம்

நான் ஆடியாலஜிஸ்ட். ரிப்போர்ட்டைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் இந்தக் கதையை நிறைய கேட்டிருக்கிறேன். இரண்டு மிஷினும் சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இரண்டும் வேறு வேறு இடத்தைச் சோதிக்கின்றன, அவ்வளவுதான்.

காக்ளியாவுக்குள் இரண்டு வகை ரோமச் செல்கள் உண்டு. வெளி வரிசைகளில் ஒரு காதுக்கு சுமார் 12,000, உள் வரிசையில் சுமார் 3,500. வெளிச் செல்கள் சத்தத்துக்கு ஏற்பத் தாங்களே நீண்டு சுருங்கி, உள்ளே வரும் அதிர்வைப் பெருக்கிக் கொடுக்கின்றன. அப்படி ஆடும்போது ஒரு மெல்லிய சத்தம் திரும்பக் காதுக்கு வெளியே வரும். 1978இல் டேவிட் கெம்ப் என்பவர் அதை அளந்து காட்டினார். ஓஏஇ மிஷின் பிடிப்பது அந்தச் சத்தத்தைத்தான்.

மூளைக்குச் செய்தி அனுப்புவது பெரும்பாலும் உள் வரிசை. செவிநரம்பின் இழைகளில் 95 சதவீதம் போல அந்த 3,500 செல்களோடுதான் இணைந்திருக்கின்றன. ஆக ஓஏஇ பாஸ் என்றால், பெருக்கிக் கொடுக்கும் செல்கள் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். உள் ரோமச் செல், அது நரம்போடு சேரும் இடம், நரம்பு, அதற்கு மேல் மூளைத்தண்டு, இது எதைப் பற்றியும் ஓஏஇ வாய் திறக்காது. அதனால்தான் என்.ஐ.சி.யூ.வில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த குழந்தைகளுக்கு ஓஏஇ மட்டும் போதாது, பெரா வகைச் சோதனையும் செய்ய வேண்டும் என்பது பல வருஷமாக இருக்கும் பரிந்துரை. எல்லா இடத்திலும் நடப்பதில்லை.

மாணவத் தம்பிக்கு: "காக்ளியா ஓகே"யிலிருந்து நேராகப் புறணிக்குத் தாவிவிட்டீர்கள். நடுவில் நீண்ட வழி இருக்கிறது. புறணியில் மட்டும் கோளாறு என்றால் இந்தக் குழந்தைக்கு பெரா நன்றாக வந்திருக்க வேண்டும். ஏனென்றால் பெரா, சத்தம் போன பிறகு முதல் பத்து மில்லிசெகண்டை மட்டும் பார்க்கிறது. முதல் அலை செவிநரம்பிலிருந்து, மூன்றாவது மூளைத்தண்டில் நரம்பு போய்ச் சேரும் காக்ளியர் நியூக்ளியஸ் பக்கத்திலிருந்து, ஐந்தாவது நடுமூளைக்குள் நுழையும் இடத்தருகிலிருந்து. அதற்கு மேலே தாலமஸ், புறணி எல்லாம் பெராவுக்குத் தெரியவே தெரியாது.

பெரம்பூர் ஐயா, உங்கள் விஷயம் இதற்குத் தலைகீழ். இரைச்சலில் முதலில் சாவது வெளி ரோமச் செல்கள். உங்களுக்கு ஓஏஇ எடுத்தால் அந்த 4000 பக்கம் ஒன்றும் வராது.

கொளத்தூர் சார், பெரா பேப்பரை எடுத்துப் பார்த்து மூன்று விஷயம் சொல்லுங்கள். கிளிக் போலாரிட்டி என்ன போட்டிருக்கிறது? அலை இல்லை என்கிறார்களே, கோட்டின் ஆரம்பத்தில் ஏதாவது நெளிவு இருக்கிறதா? பலத்த சத்தத்துக்கு நடுக்காதின் சின்னத் தசை இழுக்கிறதா என்று பார்க்கும் ஸ்டேபீடியல் ரிஃப்ளெக்ஸ் பார்த்தார்களா?

கொளத்தூர்_தாய்மாமன்

நன்றி மேடம். போலாரிட்டி 'ஆல்டர்னேட்டிங்' என்று இருக்கிறது. கோடு ஆரம்பத்திலிருந்தே தட்டை. ரிஃப்ளெக்ஸ் இரண்டு காதிலும் 'ஆப்சென்ட்'.

ஒலிக்கூடம்

மேடம் இல்லை, சார். பரவாயில்லை.

ஆல்டர்னேட்டிங் என்றால் கிளிக் சத்தத்தை ஒரு முறை செவிப்பறையை உள்ளே தள்ளுவது போலவும், அடுத்த முறை வெளியே இழுப்பது போலவும் மாற்றி மாற்றிக் கொடுத்துக் கூட்டி சராசரி எடுத்திருக்கிறார்கள். ரோமச் செல்களே ஒரு மின்சார நெளிவை உண்டாக்கும், அதற்கு காக்ளியர் மைக்ரோஃபோனிக் என்று பெயர். கிளிக்கைத் திருப்பினால் அதுவும் தலைகீழாகத் திரும்பும். மாற்றி மாற்றிக் கூட்டினால் ஒன்றை ஒன்று தின்றுவிட்டுக் கோடு தட்டையாகிவிடும். நரம்பின் அலைகள் அப்படித் திரும்பாது.

அதனால் பெராவைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு போலாரிட்டியையும் தனித்தனியாக, காதுக்குள் செருகும் இயர்ஃபோனில். இரண்டு கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் ஆரம்பத்தில் கண்ணாடி பிம்பம் மாதிரி எதிரெதிர் நெளிவு வந்து, அதற்கப்புறம் ஒன்றும் இல்லையென்றால் அது ஆடிட்டரி நியூரோபதி. அர்னால்ட் ஸ்டாரும் அவருடைய குழுவும் 1996இல் இந்தப் பெயரை வைத்தார்கள். இன்னொன்று: இயர்ஃபோனின் ரப்பர் குழாயைக் கிளிப் போட்டு மடக்கி ஒரு ரன் எடுக்க வேண்டும். சத்தம் காதுக்குப் போகாதபோதும் அந்த நெளிவு வந்தால் அது வயரிலிருந்து வரும் குப்பை, காதிலிருந்து வருவது இல்லை. இதைச் செய்யாத ரிப்போர்ட்டை நான் நம்ப மாட்டேன்.

அதுவரை 90 டெசிபெல் என்று எடுத்துக்கொண்டு மிஷின் செட் பண்ண விடாதீர்கள். காரணத்தை சாயங்காலம் எழுதுகிறேன், கிளினிக்கில் ஆள் காத்திருக்கிறார்கள்.

கீதா_அடையாறு

மூளைக் கேள்வி வந்ததால் சொல்கிறேன். அப்பாவுக்கு முதல் பக்கவாதம் வந்தபோது மூளையில் காதுக்கு மேலே, ஒரு பக்கம்தான் அடிபட்டது. கேட்பதில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. இரண்டாவது முறை அடுத்த பக்கம். அதற்கப்புறம் வந்ததுதான் விநோதம். காலிங் பெல் அடித்தால் போய்க் கதவைத் திறக்கிறார். நாய் குரைத்தால் நாய் என்கிறார். பேப்பர் வாசிக்கிறார், தெளிவாகப் பேசுகிறார். நாங்கள் பேசினால் மட்டும் "ஏதோ வேத்து பாஷை பேசறீங்களே" என்கிறார். எழுதிக் காட்டினால் உடனே பதில் வருகிறது. காது டெஸ்ட் எல்லாம் வயசுக்குச் சரியாக இருக்கிறதாம், பெராவும் நார்மல். ஆறு மாசம் நாங்கள் கத்திக் கத்திப் பேசினோம், பிரயோஜனமே இல்லை. இப்போது வீட்டில் ஸ்லேட்டு வைத்திருக்கிறோம்.

மூணாம்_வருஷம்_எம்பிபிஎஸ்

இது பியூர் வேர்ட் டெஃப்னெஸ், படித்திருக்கிறேன். ஆனால் முதல் ஸ்ட்ரோக்கில் எதிர்ப்பக்கக் காது போயிருக்க வேண்டுமே? பார்வையில் ஒரு பக்கம் அடிபட்டால் எதிர்ப்பக்கம் போகிறதே.

ஒலிக்கூடம்

போகாது. காக்ளியர் நியூக்ளியஸ் வரைக்கும்தான் வலது காதின் பாதை தனி, இடது காதின் பாதை தனி. அங்கிருந்து கிளம்பியதும் பெரும்பகுதி இழைகள் எதிர்ப்பக்கம் தாண்டுகின்றன, கொஞ்சம் அதே பக்கத்தில் மேலே போகின்றன. சுப்பீரியர் ஆலிவ் என்ற இடத்தில் இரண்டு காதின் செய்தியும் சேர்ந்துவிடுகிறது. சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று ஒப்பிடும் வேலை அங்கேதான் ஆரம்பம். அதற்கு மேலே எந்தப் பக்கப் புறணியும் இரண்டு காதையும் கேட்கிறது. அதனால் ஒரு பக்கம் போனாலும் கீதா அம்மாவின் அப்பா சமாளித்தார், இரண்டு பக்கமும் போனதும் பேச்சைப் பிரித்தறியும் வழி அடைந்துவிட்டது. இதைத் திருப்பிப் போட்டால் ஒரு நல்ல விதி கிடைக்கும்: ஒரே ஒரு காது மட்டும் கேட்கவில்லை என்று யாராவது வந்தால் காக்ளியர் நியூக்ளியஸிலோ அதற்குக் கீழேயோதான் தேட வேண்டும்.

பெரம்பூர்_தாத்தா

ஒரே ஒரு காது என்றதும் ஞாபகம் வருகிறது. கொஞ்ச நாளாக போனை வலது காதில்தான் வைக்கிறேன். இடது பக்கம் வைத்தால் மகன் பேசுவது கரகரவென்று வார்த்தையில்லாமல் கேட்கிறது. ரிவெட் வேலைதான் காரணம்.

ஒலிக்கூடம்

ஐயா, ரிவெட் சத்தம் பொதுவாக இரண்டு காதையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கெடுக்கும். டோன் டெஸ்டில் இரண்டு காதும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, வார்த்தை மட்டும் ஒரு பக்கம் மோசமாகப் போனால் செவிநரம்பைப் பார்த்தே ஆக வேண்டும். நரம்பின் உறையில் மெதுவாக வளரும் கட்டி ஒன்று உண்டு, புற்றுநோய் இல்லை, ஆனால் நரம்பை அழுத்தும். டோனுக்கு கொஞ்ச இழை இருந்தால் போதும், வார்த்தைக்குப் போதாது. கான்ட்ராஸ்ட் போட்ட எம்.ஆர்.ஐ. ஒன்று எடுத்துவிடுங்கள். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

பெரம்பூர்_தாத்தா

குழந்தைக்கு வழி கேட்ட இடத்தில் எனக்கு எம்.ஆர்.ஐ. எழுதிவிட்டார்! பார்க்கலாம்.

ஒலிக்கூடம்

சரி, சாயங்காலம் சொல்கிறேன் என்றதைச் சொல்கிறேன்.

பெரா அலை ஒவ்வொன்றும் ஒரு மைக்ரோவோல்ட் கூட வராது. மண்டைத் தோலில் ஒட்டிய எலெக்ட்ரோடு வழியாக இதைப் பிடிக்க ஆயிரம், இரண்டாயிரம் கிளிக்குகளைக் கொடுத்து சராசரி எடுக்கிறோம். ஒவ்வொரு கிளிக்குக்கும் ஆயிரக்கணக்கான இழைகள் ஒரே நொடிக்கூறில் சேர்ந்து துடித்தால்தான் சராசரியில் மலை தெரியும். பஜனையில் எல்லோரும் ஒரே தாளத்தில் கைதட்டினால் தெருமுனை வரை கேட்கும், ஆளுக்கொரு நேரத்தில் தட்டினால் வெறும் சலசலப்புதான். தட்டுகிற கைகள் எண்ணிக்கையில் குறையவே இல்லை என்றாலும்கூட.

ஆடிட்டரி நியூரோபதியில் இதுதான் நடக்கிறது. இழைகள் துடிக்கின்றன, ஆனால் மில்லிசெகண்டின் சில கூறுகள் முன்னே பின்னே. சராசரியில் எல்லாம் கரைந்து தட்டையாகிவிடும். ஆகவே பெராவில் அலை இல்லை என்பதற்கு இந்தக் குழந்தைகளிடம் "கேட்கவில்லை" என்று அர்த்தம் கிடையாது. "ஒத்திசைவு இல்லை" என்றுதான் அர்த்தம். உண்மையான கேட்கும் திறன் லேசான குறையிலிருந்து முழுக் குறை வரை எதுவாகவும் இருக்கலாம். இதே காரணத்தால்தான் குக்கர் விசில் ஒரு நாள் கேட்கிறது, பேர் சொல்லிக் கூப்பிடுவது பிடிபடவில்லை. சத்தம் இருக்கிறதா இல்லையா என்பதற்கு நேரத் துல்லியம் அவ்வளவு தேவையில்லை. 'ப'வையும் 'ம'வையும் பிரிக்கத் தேவை. வீட்டில் டிவி ஓடினால் இன்னும் மோசம்.

இப்போது மிஷின் விஷயம். இந்தப் பிள்ளையின் உண்மையான அளவு 50 டெசிபெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெராவை நம்பி 90க்கு மேல் என்று எண்ணி மிஷினை முறுக்கிவிட்டால், நன்றாக இருக்கும் அந்த வெளி ரோமச் செல்களை நாமே அடித்துக் கொல்கிறோம். எனவே நடத்தைச் சோதனை முதலில். அறையில் ஸ்பீக்கரில் சத்தம் விட்டு, பிள்ளை திரும்பினால் பொம்மைக்கு விளக்கெரியும். ஒன்றேகால் வயதுக்குத் தாராளமாகச் செய்யலாம். ஒரே நாளில் முடியாது, இரண்டு மூன்று தடவை கூப்பிடுவார்கள், அலுத்துக்கொள்ளாதீர்கள்.

விழுப்புரம்_அம்மா

என் பொண்ணுக்கும் இதே நோய்தான். ரெண்டு வயசுக்குள் காக்ளியர் இம்பிளாண்ட் வைத்தோம், முதலமைச்சர் காப்பீட்டில். இப்போது எல்.கே.ஜி.யில் ரைம்ஸ் சொல்கிறாள். சார் சொல்கிற மாதிரி டெஸ்ட் டெஸ்டாக எடுத்துக்கொண்டிருந்தால் பேச்சு வருகிற வயசு போய்விடும். சீக்கிரம் வைத்துவிடுங்கள் தம்பி. அக்காவை என்னோடு பேசச் சொல்லுங்கள்.

ஒலிக்கூடம்

அம்மா, உங்கள் மகளுக்குக் காரணம் என்ன என்று சொன்னார்களா?

விழுப்புரம்_அம்மா

ஜீன் டெஸ்டில் ஓட்டோஃபெர்லின் என்று வந்தது. நாங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள்.

ஒலிக்கூடம்

அங்கேதான் வித்தியாசம். ஓட்டோஃபெர்லின் என்பது உள் ரோமச் செல்லின் அடியில், நரம்புக்கு ரசாயனத்தை விடுவிக்கும் புரதம். அது இல்லாவிட்டால் செல் நன்றாக இருக்கும், நரம்பும் நன்றாக இருக்கும், நடுவில் கைமாற்றம் மட்டும் நடக்காது. இம்பிளாண்ட் அந்த இடத்தைத் தாண்டி நரம்பை நேராக மின்சாரத்தால் தட்டுகிறது, அதுவும் அருகிலிருக்கும் இழைகளை ஒரே நேரத்தில். அதனால் உங்கள் மகளுக்கு அருமையாக வேலை செய்திருக்கிறது.

மஞ்சள் காமாலையில் பிலிரூபின் அடிப்பது வேறு இடங்களை: செவிநரம்பின் செல்கள், மூளைத்தண்டில் காக்ளியர் நியூக்ளியஸ், நடுமூளையில் இன்ஃபீரியர் காலிகுலஸ். அங்கே அடி இருந்தால் இம்பிளாண்ட் தட்டினாலும் மேலே எவ்வளவு போய்ச் சேரும் என்று முன்கூட்டிச் சொல்வது கஷ்டம். பலருக்கு நல்ல பலன், சிலருக்கு சுமார். இன்னொரு பக்கம், காமாலைக் குழந்தைகளில் சிலருக்கு முதல் ஒன்று, ஒன்றரை வருஷத்தில் நரம்பு தானாகவே கொஞ்சம் தேறி பெரா அலை திரும்ப வருவதும் உண்டு. நான் அவசரப்படாததற்கு அதுதான் காரணம். நீங்கள் அவசரப்படுத்துவதிலும் நியாயம் இருக்கிறது.

மூணாம்_வருஷம்_எம்பிபிஎஸ்

ஓட்டோஃபெர்லினுக்கு ஜீன் தெரபி வந்துவிட்டதே சார். 2024 ஜனவரியில் ஷாங்காய் குழு வெளியிட்டதில் ஆறு குழந்தைகளில் ஐந்து பேருக்குக் கேட்கும் திறன் வந்தது. இவர்கள் காத்திருந்தால் என்ன?

ஒலிக்கூடம்

முதலில் அந்த ஜீன்தானா என்று தெரியட்டும் தம்பி. கொளத்தூர் சார், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது சுத்தமாகவே கேட்காமல் போய், இறங்கியதும் பழையபடி ஆகிறதா? சில ஓட்டோஃபெர்லின் மாற்றங்களில் அப்படி நடக்கும். கவனித்துச் சொல்லுங்கள்.

கொளத்தூர்_தாய்மாமன்

நடுவில் வராததற்கு மன்னிக்கவும், அலைச்சல்.

பெராவைத் திரும்ப எடுத்தோம், இந்த முறை நீங்கள் சொன்னபடி. இரண்டு காதிலும் ஆரம்பத்தில் எதிரெதிர் நெளிவு தெளிவாக வருகிறது, அப்புறம் தட்டை. குழாயை மடக்கியதும் நெளிவு போய்விட்டது. எம்.ஆர்.ஐ.யில் இரண்டு பக்கமும் செவிநரம்பு இருக்கிறது, கனமும் சரி என்றார்கள். விளக்குப் பொம்மை டெஸ்டில் முதல் தடவை அழுதே தீர்த்தான். அடுத்த தடவை 500 ஹெர்ட்ஸில் 55, 2000த்தில் 65 டெசிபெல் போல வந்தது. காய்ச்சலுக்கும் கேட்பதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. ஜீன் டெஸ்ட் ரத்தம் கொடுத்திருக்கிறோம். அக்காவும் மாமாவும் சொந்தம்தான், அதனால் எதையும் தள்ள முடியாது என்றார் டாக்டர்.

இப்போது எல்லோருமே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருத்தர் உடனே இம்பிளாண்ட். ஒருத்தர் மிஷின் போட்டுப் பாருங்கள்.

ஒலிக்கூடம்

நரம்பு இருப்பது பெரிய நல்ல செய்தி. நரம்பே இல்லாவிட்டால் காக்ளியர் இம்பிளாண்டுக்கே வேலையில்லை, மூளைத்தண்டில் வைக்கும் இம்பிளாண்ட் வரை போக வேண்டியிருக்கும். சென்னையில் அதுவும் செய்கிறார்கள், ஆனால் அது வேறு அளவு ஆபரேஷன்.

55, 65க்கு ஏற்றபடி மிதமாக மிஷின் போட்டு, தெரபியோடு மூன்று முதல் ஆறு மாதம் பார்ப்பேன். விழுப்புரம் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தெரியும். பேச்சு முன்னேறவில்லையென்றால் இம்பிளாண்டுதான், அளவு 65 என்பதற்காக மறுக்கக் கூடாது. காப்பீட்டு அலுவலகத்தில் அந்த எண்ணைக் காட்டி இழுத்தடித்தால் நியூரோபதி என்று எழுதிய ரிப்போர்ட்டைக் கூடவே வையுங்கள்.

விழுப்புரம்_அம்மா

ஆறு மாசம் என்பது அந்தப் பிள்ளைக்கு சும்மா ஆறு மாசம் இல்லை சார். மூணு மாசத்தில் முடிவெடுங்கள் தம்பி.

கொளத்தூர்_தாய்மாமன்

மிஷின் உதவுகிறதா இல்லையா என்று மூன்று மாதத்திலேயே தெரிந்துகொள்ள டெஸ்ட் எதுவும் இல்லையா? பெரா திரும்பவும் தட்டையாகத்தானே வரும்.

ஒலிக்கூடம்

பெரா உதவாது. ஆனால் பாதையின் கடைசியைக் கேட்கலாம். புறணியிலிருந்து பி1 என்று ஒரு அலை வரும். இந்த வயதில் சத்தம் போய் நூறு, இருநூறு மில்லிசெகண்ட் கழித்துத்தான் வரும். மெதுவான, அகலமான அலை என்பதால் கீழே இழைகள் கொஞ்சம் முன்னே பின்னே துடித்தாலும் அது கரைந்துவிடாது. பெரா தட்டையாக இருக்கும் பிள்ளைகளிலும் பலருக்கு பி1 வரும். வயசுக்கேற்ற நேரத்தில் வந்தால் மேலே போதுமான செய்தி போகிறது, பேச்சு வர வாய்ப்பு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். மிஷினோடு மூன்று மாதம் கழித்தும் தாமதமாகவே வந்தால், அல்லது வராவிட்டால், நானே விழுப்புரம் அம்மா கட்சிக்கு வந்துவிடுவேன். எல்லா சென்டரிலும் எடுப்பதில்லை, 'கார்ட்டிகல் ரெஸ்பான்ஸ்' எடுக்கிறீர்களா என்று போனிலேயே கேட்டுவிட்டுப் போங்கள்.

ஒரே சிக்கல், இதற்குத் தூங்க வைக்க முடியாது. பிள்ளை விழித்திருக்க வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. சத்தத்தை அணைத்துவிட்டு கார்ட்டூன் போட்டு உட்கார வைப்போம்.

கொளத்தூர்_தாய்மாமன்

கார்ட்டூன் போட்டால் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவான் சார். சரி, அக்கா மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

பெரம்பூர்_தாத்தா

எனக்கு எம்.ஆர்.ஐ. வியாழக்கிழமை. கம்மல், கடுக்கன் எதுவும் கூடாதாம், பல்செட்டையும் கழற்றச் சொல்கிறார்கள்.